பணிவிடுப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்கள்



ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதைப் பற்றி நம் வீடுகளில் நிறையப் பேசுகிறோம். அதிலிருந்து முறையாக வெளியேறுவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எங்கள் இளைய மகன் கடந்த 2025 மார்ச் மாதம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தை விட்டு மற்றொன்றில் சேர்ந்தான். பழைய நிறுவனத்திலிருந்து இரண்டு கடிதங்களைப் பெறுவதற்கு அவனும் அவனுக்குப் பின்னால் நாங்களும் ஒரு மாத காலம் அலைந்தோம். எங்களிடம் இதைக் கேட்டறிந்த உறவினர் சிலர், எழுதி வைத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் உதவுமே என்றார்கள். ஆகவே இதை எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.

முதலில் அந்த இரண்டு கடிதங்களும் என்னவென்று தெரிந்துகொள்வது நலம். பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்கிறார்கள். ரிலீவிங் லெட்டர் எனப்படும் பணிவிடுப்புக் கடிதம், 'இவருடைய விலகலை ஏற்றுக்கொண்டோம், இன்ன தேதியின் அலுவல் நேர முடிவோடு இவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டோம்' என்று சொல்வது. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எனப்படும் பணி அனுபவச் சான்றிதழ், 'இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவியில், இன்ன வேலை செய்தார்' என்று சொல்வது. எங்களில் ஒருவர் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் மகனுக்கு விளக்கியது இப்படி: பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, படித்ததற்கான சான்றிதழ் என்று வேறொன்று உண்டு. முன்னதை அடுத்த பள்ளி சேரும்போது கேட்பது வழக்கமாக இருந்தது. பின்னது எத்தனை ஆண்டு கழித்தும் தேவைப்படும். இந்த இரண்டு கடிதங்களும் ஏறத்தாழ அப்படித்தான். புதிய நிறுவனம் முதலில் கேட்பது பணிவிடுப்புக் கடிதத்தை. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஊழியராக இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம். பத்து ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு விசாவுக்கோ வேறொரு வேலைக்கோ பயன்படப்போவது அனுபவச் சான்றிதழ்.

மகன் அந்த நிறுவனத்தில் சேர்ந்தது 2022 ஜனவரி 3 அன்று. ஆறு மாத தகுதிகாண் காலம் முடிந்து ஜூலை 4 அன்று அவனது பணி உறுதி செய்யப்பட்டது. இந்த இரண்டு தேதிகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னால் இவற்றால்தான் ஒரு சிக்கல் வந்தது. அவனது பணிநியமனக் கடிதத்தின்படி விலகுவதற்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2025 ஜனவரி 13 அன்று மின்மடலில் விலகல் கடிதம் அனுப்பினான். மறுநாளிலிருந்து எண்ணினால் அறுபதாவது நாள் மார்ச் 14, வெள்ளிக்கிழமை. புதிய நிறுவனத்தில் சேர வேண்டிய நாள் மார்ச் 17, திங்கட்கிழமை. இடையில் இரண்டே நாள், அவையும் விடுமுறை. அது ரமழான் மாதமாகவும் அமைந்தது.

விலகல் கடிதம் கொடுத்த உடனே நாங்கள் அவனிடம் வற்புறுத்திய ஒன்று உண்டு: 'ஏற்றுக்கொண்டோம்' என்ற பதிலை எழுத்தில் வாங்கு. மேலாளர் வாய்மொழியாக 'சரிப்பா, போயிட்டு வா' என்று சொன்னதை அவன் போதுமென்று நினைக்கத்தான் செய்தான். பொங்கல் விடுமுறை முடிந்ததும் மீண்டும் கேட்டு எழுதினான். ஜனவரி 21 அன்று மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: விலகல் ஏற்கப்பட்டது, பொறுப்புகளை ஒப்படைப்பதற்கு உட்பட்டு இறுதிப் பணிநாள் மார்ச் 14. அந்த இரண்டு வரிதான் பின்னால் அவனைக் காப்பாற்றியது. அதை உடனே தன் சொந்த மின்மடல் முகவரிக்கும் அனுப்பி வைத்துக்கொண்டான். ஏனெனில் இறுதி நாள் மாலையில் அலுவலக மின்மடல் மூடப்பட்டுவிடும். அதன் பிறகு அதிலுள்ள எதையும் எடுக்க முடியாது. இங்கே ஓர் எல்லை இருக்கிறது. தன் விலகல் கடிதம், அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டுகள், பணிநியமனக் கடிதம் ஆகியவை தனக்கு உரியவை. நிறுவனத்தின் கோப்புகளும் வாடிக்கையாளர் விவரங்களும் அப்படியல்ல, அவை அமானத். அவற்றில் ஒன்றைச் சொந்த முகவரிக்கு அனுப்பினாலும், அதையே காரணம் காட்டிக் கடிதத்தை நிறுத்திவைக்க நிறுவனத்துக்கு வழி உண்டாகிவிடும்.

முதல் தடங்கல் மார்ச் 10 அன்று வந்தது. பிப்ரவரியில் ஒரு திருமணத்துக்காக மேலாளரின் அனுமதியோடு இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தான். முன்னறிவிப்புக் காலத்தில் எடுத்த விடுப்பு கணக்கில் சேராது, ஆகவே மேலும் இரண்டு வேலைநாட்கள் வர வேண்டும், இறுதி நாள் மார்ச் 18 ஆகும் என்று மனிதவளப் பிரிவு தெரிவித்தது. இது பல நிறுவனங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். புதிய இடத்தில் 17 அன்று சேர்ந்து, பழைய இடத்தின் கடிதத்தில் 18 அன்று விடுவிக்கப்பட்டதாக இருந்தால், இரண்டு நாட்கள் இரு நிறுவனங்களிலும் அவன் ஊழியன் என்று ஆகிவிடும். புதிய நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் கூர்ந்து பார்ப்பது இந்த ஒன்றைத்தான். ஒரு நாள் மேற்கவிந்தாலும் கேள்வி எழும்.

மகனுக்குக் கோபம். "அனுமதி வாங்கித்தானே வாப்பா போனேன், இப்ப வந்து இப்படிச் சொல்றாங்களே" என்றான். இஃப்தார் முடிந்து மூவரும் அமர்ந்து பணிநியமனக் கடிதத்தை வரிவரியாகப் படித்தோம். மூன்று ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த காகிதம் அது. அதன் நான்காம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: முன்னறிவிப்பில் குறையும் நாட்களுக்கு ஈடாக, அந்நாட்களுக்குரிய அடிப்படைச் சம்பளத்தை ஊழியர் செலுத்தலாம். மொத்தச் சம்பளம் அன்று, அடிப்படைச் சம்பளம். அவனுக்கு மாதம் மொத்தச் சம்பளம் 42,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 21,000 ரூபாய். முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 700 ரூபாய், இரண்டு நாளுக்கு 1,400 ரூபாய். மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிட்டிருந்தால் இது இரட்டிப்பாகியிருக்கும். அன்றிரவே பண்போடு ஒரு மடல் எழுதினான்: இன்ன விதியின்படி இரண்டு நாளுக்கான 1,400 ரூபாயை என் இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், இறுதி நாளை ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி மார்ச் 14 என்றே வைத்திருங்கள். மார்ச் 12 அன்று 'சரி' என்று பதில் வந்தது. விடுப்பு நியாயமானதா இல்லையா என்று வாதாடியிருந்தால் அந்த வாரம் முழுவதும் வாதத்திலேயே கழிந்திருக்கும். 1,400 ரூபாய் எங்களுக்குச் சிறு தொகை அல்ல. ஆனாலும் அந்தத் தேதி அதைவிடப் பெரியது.

மார்ச் 14 அன்று ஜும்ஆ முடிந்து மீண்டும் அலுவலகம் சென்று, மடிக்கணினி, மின்னூட்டி, அடையாள அட்டை, கதவு திறக்கும் அட்டை ஆகியவற்றை ஒப்படைத்தான். மடிக்கணினியின் தொடர் எண்ணைக் குறிப்பிட்டு, 'இவற்றை இன்று இன்னாரிடம் ஒப்படைத்தேன்' என்று மடல் அனுப்பி, பெற்றுக்கொண்டவரிடமிருந்து 'பெற்றுக்கொண்டேன்' என்ற பதிலையும் அங்கேயே வாங்கினான். பாக்கி இல்லை என்ற ஒப்புதலை ஒவ்வொரு பிரிவாகக் கேட்கும்போது, ஒரு பிரிவு பதில் சொல்லாவிட்டாலும் கடிதம் அங்கேயே நின்றுவிடும். அவனோடு விலகிய மற்றொரு பையனுக்கு, காதில் மாட்டும் ஒலிக்கருவி ஒன்று திரும்பவில்லை என்று சொல்லியே மூன்று வாரம் இழுத்தடித்தார்கள்.

பொருட்களை ஒப்படைத்த பிறகு கடிதங்களைக் கேட்டான். அப்போதுதான் இரண்டாவது தடங்கல் தெரியவந்தது. இறுதிக் கணக்கு முடிந்த பிறகே கடிதங்கள் தரப்படும், அதற்கு 45 நாள் ஆகும் என்றார்கள். மார்ச் 14 முதல் 45 நாள் என்றால் ஏப்ரல் 28. புதிய நிறுவனமோ சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 16க்குள், பணிவிடுப்புக் கடிதம் வேண்டும் என்றது. இரண்டுக்கும் இடையே 12 நாள் இடைவெளி. இந்தப் பன்னிரண்டு நாள்தான் எங்கள் கதையின் மொத்தச் சுமையும். புதிய நிறுவனத்தின் பணிநியமனக் கடிதத்தில், குறித்த காலத்துக்குள் ஆவணங்கள் வராவிட்டால் நியமனத்தை ரத்து செய்யும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. பழைய வேலையும் இல்லை, புதியதும் உறுதியில்லை என்ற நிலையில் ஒரு மாதம் இருப்பது எப்படி இருக்கும் என்பதை வீட்டுக் கடன் கட்டுபவர்கள் அறிவார்கள்.

புதிய நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். மார்ச் 17 அன்று சேரும்போதே, ஜனவரி 21 அன்று வந்த ஏற்பு மடல், மார்ச் 12 அன்று வந்த மடல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், பொருட்களை ஒப்படைத்ததற்கான ஒப்புகை ஆகியவற்றைக் கொடுத்து, பழைய நிறுவனம் 45 நாள் கேட்கிறது என்ற உண்மையையும் சொன்னான். அவர்களுக்கு இது புதிதல்ல. 'ஏப்ரல் 16க்குள் கடிதத்தைத் தருவேன்' என்ற உறுதிமொழிக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். இறுதிப் பணிநாளைக் குறிப்பிடும் ஏற்பு மடல் கையில் இருந்ததால் அது முடிந்தது. அது இல்லாத பிள்ளைகளுக்குச் சேரும் நாளையே தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

மார்ச் 18 அன்று மகன் பழைய நிறுவனத்துக்கு முதல் மடலை எழுதினான். அதன் வாசகத்தை நாங்கள் மூவரும் சேர்ந்தே அமைத்தோம். ஆங்கிலத்தில் எழுதிய அம்மடலின் சாரம் இதுதான்: 'என் ஊழியர் எண் இது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் நிறுவனத்தில் பணியாற்றினேன். பொருட்களை ஒப்படைத்ததற்கான ஒப்புகையை இணைத்துள்ளேன். இறுதிக் கணக்கு தங்கள் விதிப்படி 45 நாளில் முடியட்டும். அதை விரைவுபடுத்துமாறு கேட்கவில்லை. பணிவிடுப்புக் கடிதத்தை மட்டும் ஏப்ரல் 4க்குள் தந்துதவ வேண்டுகிறேன். அனுபவச் சான்றிதழையும் அத்தோடு தர இயலுமாயின் நன்றியுடையவனாவேன்.' கணக்கையும் கடிதத்தையும் பிரித்துக் கேட்டதில்தான் அம்மடலின் வலு இருந்தது. பணம் கொடுப்பதற்குக் கணக்குப் பிரிவின் ஒப்புதல் தேவை, அதற்கு நாள் ஆகும். ஒருவர் இன்ன நாளில் விடுவிக்கப்பட்டார் என்று எழுதித் தருவதற்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. 'கணக்குக்கு உட்பட்டு' என்று ஒரு வரி சேர்த்து முன்கூட்டியே கடிதம் தரும் நிறுவனங்கள் உண்டு. கெடு நாளை ஏப்ரல் 16 என்று சொல்லாமல் 4 என்று சொன்னதும் வேண்டுமென்றேதான்.

பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து விசாரித்தால், அவனோடு மடல் பரிமாறிய மனிதவளப் பிரிவுப் பெண்மணியே வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். அவர் முகவரிக்குப் போனவை எவர் கண்ணிலும் படவில்லை. மார்ச் 26 அன்று அதே மடலை, அதே தொடரில், மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்கும் தன் பழைய மேலாளருக்கும் அனுப்பினான். தனியொருவரின் முகவரிக்கு மட்டும் எழுதக் கூடாது என்பதை அன்று அறிந்துகொண்டோம்.

நோன்புப் பெருநாள் திங்கட்கிழமை, மார்ச் 31 அன்று வந்தது. மகன் புத்தாடை அணிந்து தொழுகைக்கு வந்தானே தவிர, முகத்தில் மலர்ச்சி இல்லை. அன்று மாலை பார்க்க வந்த அவன் நண்பன் ஒருவன் ஒரு யோசனை சொன்னான். முன்பு விலகிய ஒருவரின் பணிவிடுப்புக் கடிதம் தன்னிடம் இருக்கிறது; அதில் பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுத்துவிடலாம், உண்மையான கடிதம் வந்ததும் அதை வைத்துக்கொள்ளலாம், உள்ளடக்கம் ஒன்றுதானே, யாருக்கு நஷ்டம் என்றான். கெட்ட எண்ணத்தில் அவன் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. எழுதாத ஒருவர் எழுதியதாகச் சொல்வது பொய்ச் சாட்சி; அதில் உள்ள தேதி உண்மையாக இருப்பதால் சாட்சி உண்மையாகிவிடாது. உலக வழக்கிலும் அது நிற்காது. புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பை ஒரு முகமையிடம் ஒப்படைக்கிறது. அந்த முகமை கடிதத்தின் நகலைப் பழைய நிறுவனத்துக்கே அனுப்பி, 'இது தாங்கள் கொடுத்ததுதானா' என்று கேட்கும். கடிதம் தாமதமானதற்காக எவரும் வேலையை இழப்பது அரிது. போலிக் கடிதம் கொடுத்ததற்காக, சேர்ந்து பல மாதம் கழித்தும் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டப்படி வற்புறுத்த முடியாதா என்று மகன் கேட்டான். எங்களில் ஒருவர் சவூதி அரேபியாவின் ஜுபைலில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அங்கே தொழிலாளர் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, ஊழியர் கேட்டால் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, கடைசிச் சம்பளம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கட்டணமின்றிச் சான்றிதழ் தர வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படியே உண்டு. ஊழியரின் நற்பெயரைக் கெடுக்கும் எதையும் அதில் எழுதக் கூடாது என்றும் அது சொல்கிறது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பும் முன் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பிய பிறகு கடல் தாண்டிக் கேட்பது கடினம். இந்தியாவில் அலுவலக ஊழியர் எல்லாருக்கும் பொருந்தும்படி, பணிவிடுப்புக் கடிதம் தந்தே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் ஒரே பொதுச் சட்டம் இல்லை. தொழிற்சாலைகளுக்கான 1946ஆம் ஆண்டு மாதிரி நிலையாணைகளில், நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை சொல்லப்பட்டிருந்தது. மென்பொருள் நிறுவன ஊழியருக்கு அது அப்படியே பொருந்துமா என்று வழக்காடி முடிப்பதற்குள் ஏப்ரல் 16 போய்விடும். ஆகவே அவன் கையில் இருந்த பலம் ஒப்பந்தமும், அதை அவன் நிறைவேற்றினான் என்பதற்கான மடல்களும்தான்.

ஏப்ரல் 2 அன்று, புதிய அலுவலகத்தில் அரை நாள் அனுமதி கேட்டு நேரில் சென்றான். அச்செடுத்த மடல்களைக் கையில் எடுத்துச் சென்றான். புதிதாகச் சேர்ந்திருந்த மனிதவள அலுவலர் அவனை அறியாதவர். அவன் விவரம் எதுவும் அவருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. அவன் குரலை உயர்த்தவில்லை. தாள்களை மேசைமேல் தேதி வரிசையில் வைத்தான். அவர் ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு, "இதுல எந்தப் பிரச்சினையும் இல்லையே தம்பி, யாரும் எடுத்துப் பார்க்கல, அவ்வளவுதான்" என்றார். இத்தனை நாள் நாங்கள் எதிரியென்று கற்பனை செய்துகொண்டது வெறும் கவனமின்மைதான் என்று அப்போது தெரிந்தது. பழைய மேலாளரும் அவருக்கு இரண்டு வரி எழுதி உதவினார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்கட்டும்.

ஏப்ரல் 7 அன்று இரண்டு கடிதங்களும் மின்மடலில் வந்தன. மகன் அப்படியே புதிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட இருந்தான். கொஞ்சம் பொறு என்று சொல்லி, பணிநியமனக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். பணிவிடுப்புக் கடிதத்தில் தேதி மார்ச் 14 என்று சரியாக இருந்தது. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த நாள் 2022 ஜூலை 4 என்று இருந்தது. பணி உறுதியான நாளைச் சேர்ந்த நாளாக எழுதிவிட்டார்கள். ஆறு மாதம் காணாமல் போயிருந்தது. பெயரிலும் ஒரு பிழை. முகமது என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் 'எம்'மா இரண்டா, இறுதியில் 'இ'யா 'ஏ'வா என்பது நம் வீடுகளின் நிரந்தரத் தொல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தம்பிக்கு ஒரு மாதிரியும் இருக்கும். மகனுடைய ஆதார் அட்டையிலும் பான் அட்டையிலும் ஓர் 'எம்', சான்றிதழில் இரண்டு. தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் முன்னால் வர வேண்டியது பின்னால் போயிருந்தது.

இவை சிறு பிழைகளாகத் தோன்றும். ஆனால் சரிபார்க்கும் முகமை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றோடு தேதியை ஒப்பிட்டுப் பார்க்கும். அதை ஊழியரும் தன் யுஏஎன் எண்ணைக் கொண்டு உறுப்பினர் தளத்தில் View → Service History என்ற இடத்தில் பார்க்கலாம். அன்றிரவு பார்த்தபோது அங்கே சேர்ந்த நாள் 2022 ஜனவரி 3 என்று சரியாக இருந்தது. சான்றிதழ் ஒன்று சொல்ல, வைப்பு நிதிக் கணக்கு வேறொன்று சொன்னால், சரிபார்ப்பு அறிக்கையில் 'முரண்பாடு' என்று எழுதிவிடுவார்கள். அதற்கு விளக்கம் தரும் சுமை ஊழியர் தலையில் விழும்.

மறுநாள் மகன் எழுதிய மடலில் குறை சொல்லும் தொனி இல்லை. பிழையான வரியையும் அதற்கு நேரே திருத்த வேண்டிய வாசகத்தையும் எழுதி, ஆதாரமாகப் பணிநியமனக் கடிதத்தின் முதல் பக்கத்தையும் பான் அட்டையின் நகலையும் இணைத்தான். அவர்கள் தேட வேண்டிய வேலை எதுவும் இல்லாததால் ஏப்ரல் 11 அன்றே திருத்திய சான்றிதழ் வந்தது. நிறுவனத்தின் முகப்புத்தாளில், கையெழுத்தும் முத்திரையும், சரிபார்ப்புக்குத் தொடர்புகொள்ள வேண்டிய மின்மடல் முகவரியும் இருந்தன. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அல்ஹம்துலில்லாஹ், இரண்டையும் புதிய நிறுவனத்தில் சேர்ப்பித்தான்.

இறுதிக் கணக்கு ஏப்ரல் 25 அன்று வந்தது. மார்ச் மாதத்தின் 14 நாள் சம்பளமும், மிச்சமிருந்த விடுப்புக்கான தொகையும் சேர்த்து, சொன்னபடி 1,400 ரூபாய் கழித்திருந்தார்கள். கணக்குத் தாளை வாங்கி அதையும் கோப்பில் வைத்தோம்.

வைப்பு நிதிக் கணக்கில் வெளியேறிய நாள் மட்டும் அப்போதும் காலியாகவே இருந்தது. அது பதிவாகாவிட்டால் பழைய கணக்கின் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றும்போது தடைபடும். நிறுவனமே அதைப் பதிவு செய்ய வேண்டும்; செய்யாவிட்டால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கடந்த பிறகு, ஊழியரே அதே தளத்தில் Manage → Mark Exit என்ற இடத்தில் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். அங்கும் பணிவிடுப்புக் கடிதத்தில் உள்ள அதே நாளைத்தான் இட வேண்டும். மே மாதத்தில் பழைய நிறுவனமே பதிவு செய்துவிட்டதால் எங்களுக்கு அந்தத் தேவை எழவில்லை. படிவம் 16 ஜூன் மாதம் வந்தது. பழைய நிறுவனம் அதை அனுப்ப வேண்டிய சொந்த மின்மடல் முகவரியை ஏப்ரலிலேயே கொடுத்து வைத்திருந்தான்.

ஜுபைலிலிருந்து வந்த, அரபியும் ஆங்கிலமுமாக அச்சிட்ட பழைய சான்றிதழ் ஒன்று எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மகனுடைய இரண்டு கடிதங்களின் அச்சுப் பிரதிகளையும் இப்போது அதே உறையில் வைத்திருக்கிறோம்.